நித்திரைக்கு முதல் போட்டுவிட்ட ஜிடிசி ஓடர்: விடிய எழும்பிப் பார்த்தால் கணக்கில் மைனஸ் 40

திருக்கடலூர் தம்பி

குவைத்தில் வேலை செய்த காலத்தில் திறந்த கணக்கு, அமெரிக்கப் பங்குகள்தான். எனக்கு ஐஸ் லொறி விடிய நாலு மணிக்கு வரும். அதனால் ஒன்பதரைக்கே படுத்துவிடுவேன். சந்தை திறப்பது பின்னேரம் ஏழு மணி, மூடுவது இரவு ஒன்றரை. முக்கால்வாசி நேரம் நான் நித்திரை. எல்லாத்தையும் ஓடராகப் போட்டுவிட்டுப் படுப்பதைத் தவிர வேறு வழியில்லை.

52 டொலருக்கு 40 பங்கு வாங்கி வைத்திருந்தேன். ஒரு இரவு இரண்டு ஓடர் போட்டேன், இரண்டும் ஜிடிசி, அதாவது நாமாக ரத்துச் செய்யும்வரை கிடக்கிற ஓடர். 58க்கு ஏறினால் விற்கச் சொல்லி ஒரு லிமிட், 49க்கு இறங்கினால் விற்கச் சொல்லி ஒரு ஸ்டொப். ஒன்று நடந்தால் மற்றது தானாகப் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

அந்தக் கிழமையே விலை இறங்கி ஸ்டொப் அடித்தது. 48.70க்கு விற்றுப்போனது. 132 டொலர் நட்டம், சரி முடிந்தது என்று விட்டுவிட்டேன். 58 ஓடர் அங்கேயே இருந்தது. எனக்கு ஞாபகமே இல்லை.

மூன்று கிழமை கழித்து ஒருநாள் விடிய நாலரை. லொறிக்காரர் பெட்டி இறக்கிக்கொண்டு நிற்கிறார், என் கை ஐஸ் தண்ணியில் விறைத்துப்போய்க் கிடக்கிறது. போனைத் திறக்கிறேன். அந்தப் பங்கின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பில் -40. என்னிடம் இல்லாத 40 பங்கை 58க்கு விற்றிருக்கிறேன். விலை நடுச்சாமத்தில் 58ஐத் தொட்டிருக்கிறது. சந்தை மூடின பிறகு கம்பனியின் காலாண்டு முடிவு நல்லதாக வந்து, விலை 61.20இல் நிற்கிறது. அன்று பின்னேரம் ஏழு மணிக்குச் சந்தை திறந்ததும் 63.40க்குத் திருப்பி வாங்கி மூடினேன். இன்னும் 216 டொலர் போனது.

காசை விட என்னை அரிப்பது இதுதான்: பங்கே இல்லாதவனுக்கு விற்க எப்படி விட்டார்கள்? வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

உவர்மலை

தம்பி, உங்கட கணக்கு மார்ஜின் கணக்கு, புரோக்கரிடம் காசும் பங்கும் கடனாக எடுத்து வியாபாரம் செய்யக்கூடியது. அதில் இல்லாத பங்கை விற்றால் அது ஷோர்ட். கணினிக்கு அது பிழை இல்லை, நீங்கள் விரும்பிச் செய்த ஒரு வியாபாரம். காசுக் கணக்காக இருந்திருந்தால் இரண்டாவது ஓடரைப் போடும்போதே பங்கு போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கும். காசுக் கணக்கு வைத்திருக்கிறவர்கள் அதைக் கரைச்சல் என்று திட்டுவார்கள். ஆனால் உங்களைக் காப்பாற்றியிருக்கக்கூடியது அந்தக் கரைச்சல்தான்.

இரண்டையும் தனித்தனியாகப் போட்டால் ஒன்றுக்கு மற்றதைத் தெரியாது. ஓடர் போடும் இடத்தில் OCO என்று ஒன்று இருக்கும். அதற்குள் இரண்டையும் சேர்த்துப் போட்டால்தான் ஒன்று நிறைவேறும்போது மற்றது ரத்தாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். விடிய நாலரைக்கு நீங்கள் பார்த்தபோது நியூயோர்க்கில் பின்னேரம் ஏழு. சந்தை மூடின பிறகான வியாபாரம் அங்கே எட்டு மணிவரை, அதாவது எங்கட அஞ்சரை வரை நடக்கும். 61.20 பக்கத்தில் ஒரு லிமிட் போட்டு வாங்கியிருக்கலாம். 88 டொலர் மிஞ்சியிருக்கும்.

நிலாவெளி அக்கா

உவர்மலை அண்ணா, அது அவ்வளவு லேசில்லை. அந்த நேரத்தில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருக்கும். திரையில் 61.20 என்று காட்டினது கடைசியாக நடந்த வியாபாரம். அந்த விலைக்கு 40 பங்கு தர ஆள் நின்றதா என்று யாருக்குத் தெரியும்? ஐஸ் பெட்டிக்கு நடுவில் நின்றுகொண்டு அதைப் பார்க்கவும் ஏலாது.

எனக்கு நடந்தது வேறு மாதிரி. 40 டொலருக்கு வாங்கச் சொல்லி ஒரு ஜிடிசி லிமிட் போட்டு ஒரு மாதமாகக் காத்திருந்தேன். ஒருநாள் விடிய, தேத்தண்ணி அடுப்பில் இருக்க, பட்டியலைத் திறந்தால் என் ஓடர் 39.65 என்று நிற்கிறது. நான் 40 என்றுதான் போட்டேன், அது நூறு வீதம் நிச்சயம். யாரோ கணக்குக்குள் புகுந்துவிட்டார்கள் என்று பயந்து, தேத்தண்ணி பொங்கி வழிந்ததும் தெரியாமல் கடவுச்சொல்லை மாற்றினேன்.

பிறகுதான் விளங்கியது. அன்று அந்தப் பங்குக்கு 35 சதம் டிவிடெண்ட், அதாவது கம்பனி பங்குக்காரருக்குக் கொடுக்கிற இலாபக் காசு, விலையில் இருந்து கழிகிற நாள். அந்த நாளில் திறந்து கிடக்கிற வாங்கும் லிமிட் ஓடரின் விலையை டிவிடெண்ட் அளவுக்குக் குறைத்துவிடுவார்கள். விற்கும் ஸ்டொப்பும் அப்படித்தான் குறையும். விற்கும் லிமிட்டைத் தொடமாட்டார்கள். அன்றைக்கு ஆகக் குறைந்த விலை 39.80. என் 40 அப்படியே இருந்திருந்தால் கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகு விலை அந்தப் பக்கம் வரவே இல்லை. ஓடர் போடும்போது DNR என்ற பெட்டியில் குறி போட்டால் குறைக்கமாட்டார்கள். எல்லா புரோக்கரும் அந்தப் பெட்டியைக் காட்டுவதில்லை.

கிண்ணியா

எனக்கு இந்தப் பயம் ஒன்றும் விளங்கவில்லை. லிமிட் என்றால் நாம் சொன்ன விலை, அல்லது அதைவிட நல்ல விலை. அதைவிட மோசமாக ஒருநாளும் நடக்காது. ஸ்டொப்தான் ஆபத்து. ஸ்டொப் அடித்ததும் அது மார்க்கெட் ஓடராக மாறி எந்த விலைக்கும் போய்விடும். அதனால் நான் ஸ்டொப் அடித்ததும் லிமிட் ஓடராக மாறுகிற ஸ்டொப்லிமிட் மட்டும்தான் போடுவேன். நித்திரை கொள்ளுகிறவர்களுக்கு அதுதான் சரி.

உவர்மலை

கிண்ணியா நானா, முதல் பாதி சரி, மற்றப் பாதி அரைவாசிதான் சரி.

நல்ல விலை என்கிறீர்களே, வாங்கும் லிமிட் 50இல் கிடக்கிறது என்று வையுங்கோ. இரவு கெட்ட செய்தி வருகிறது. அடுத்த நாள் சந்தை 43இல் திறக்கிறது. உங்களுக்கு 43க்குக் கிடைக்கும், சொன்னதை விட 7 டொலர் மலிவு. ஆனால் நீங்கள் 50 சொன்னது அந்தச் செய்தி இல்லாத கம்பனிக்கு. பழைய ஜிடிசி வாங்கும் ஓடர் பெரும்பாலும் இப்படி ஒரு நாளில்தான் நிறைவேறும். நல்ல நாளில் விலை அந்த அளவுக்கு இறங்காதே.

ஸ்டொப்லிமிட்டுக்கு வருவோம். எனக்கு நடந்ததையே சொல்கிறேன். ஸ்டொப் 30, லிமிட் 29.50. காலாண்டு முடிவு வந்து பங்கு 26இல் திறந்தது. ஸ்டொப் அடித்தது, லிமிட் ஓடர் உயிர்பெற்றது, 29.50க்கு வாங்க ஒருவரும் இல்லை. நான் எழும்பும்போது ஓடர் அப்படியே நிற்கிறது, பங்கும் என் கையில், விலை 24. வெறும் ஸ்டொப் என்றால் 26க்காவது வெளியே வந்திருப்பேன்.

கிண்ணியா

அது உங்களுக்கு. 2015 ஆகஸ்ட் 24 மறந்துபோச்சா? அமெரிக்கச் சந்தைச் சுட்டெண் டவ், திறந்த கையோடு ஏறக்குறைய 1,100 புள்ளி விழுந்தது. வெறும் ஸ்டொப் போட்டவர்கள் அடியில் விற்றார்கள், கொஞ்ச நேரத்தில் விலை நிறைய மீண்டது. ஸ்டொப்லிமிட் போட்டவர்கள் பங்கை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அதற்குப் பிறகு நியூயோர்க் பங்குச் சந்தையே 2016 பெப்ரவரியில் இருந்து ஸ்டொப்பையும் ஜிடிசியையும் நேரடியாக ஏற்காமல் விட்டது. காரணம் இல்லாமலா?

உவர்மலை

அந்த நாள் மீண்டது. என் பங்கு மீளவில்லை. எந்த வகை விழுகை என்று படுக்கும்போது தெரியாதே நானா. இதில் நான் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்ன 2016 விசயம் தம்பிக்குத் தேவை. ஜிடிசி இப்போது பெரும்பாலும் புரோக்கரின் கணினியில்தான் கிடக்கிறது. அதனால் எத்தனை நாள் கிடக்கும் என்பதும் புரோக்கருக்குப் புரோக்கர் வேறு. சில இடத்தில் 60 நாள், சில இடத்தில் 90, சில இடத்தில் 180. ரத்துச் செய்யும்வரை என்று பெயர் இருந்தாலும் முடிவுத் திகதி ஒன்று இருக்கும். ஓடர் விபரத்தைத் தட்டினால் தெரியும்.

சாம்பல்தீவு

நான் கொழும்புப் பங்குச் சந்தையில்தான் செய்கிறேன். காலை ஒன்பதரைக்குத் திறக்கும், பகலிலேயே முடிந்துவிடும், நித்திரைப் பிரச்சினை இல்லை. தம்பியும் அதையே செய்யலாமே? எனக்கு ஒரு வங்கிப் பங்கு...

நிலாவெளி அக்கா

சாம்பல்தீவு, அவர் கேட்டது எந்தச் சந்தை என்று இல்லை. போட்ட ஓடர் நித்திரையில் என்ன செய்கிறது என்றுதான் இங்கே கதை.

உட்துறைமுக வீதி

நான் வாசிக்க மட்டும்தான் வருவேன். இது எழுதாமல் விட மனமில்லை.

என் பழக்கம் இது: ஓடர் எல்லாவற்றையும் பகலில் போட்டுவைப்பேன், சந்தை திறக்கக் கால் மணி முதல் செய்தி பார்த்து வேண்டாததை எடுத்துவிடுவேன். மாரிகாலம் முழுக்கத் திறப்பு இரவு எட்டு மணி, அலாரம் ஏழே முக்கால். மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வைப்பார்கள். நாங்கள் மாற்றுவதில்லை. திங்கட்கிழமை வழமைபோல ஏழே முக்காலுக்கு உட்கார்ந்தேன். சந்தை திறந்து முக்கால் மணித்தியாலம் ஆகியிருந்தது. எடுக்க நினைத்த ஓடர் ஏழு மணி ஒரு நிமிடத்திலேயே நிறைவேறியிருந்தது. மகள் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டு, என்னப்பா முகம் இப்படி இருக்கு என்று கேட்டாள்.

இப்போது போனில் நியூயோர்க் மணிக்கூட்டையும் வைத்து, அங்கத்தைய ஒன்பதே காலுக்குத்தான் அலாரம். நவம்பர் முதல் ஞாயிறு திருப்பி மாறும். தம்பி, ஒன்று செய்யுங்கோ. ஒவ்வொரு ஓடரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கோ: என்ன பங்கு, என்ன விலை, எந்தத் திகதி போட்டது, அதற்குச் சோடி ஓடர் இருக்கா. அந்தப் பங்கின் காலாண்டு முடிவு எந்தத் திகதி என்பதையும் பக்கத்தில் எழுதுங்கோ. முடிவு வரும் இரவுக்கு முதல் அந்தப் பங்கின் ஓடர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கோ, பிறகு யோசித்துத் திருப்பிப் போடலாம். பங்கு கைமாறின நாளில் அந்த வரியை வெட்டாமல் படுக்கப் போகாதேங்கோ. போன் செயலியில் பட்டியல் இருக்கு என்பீர்கள். பட்டியல் தம்பியிடமும் இருந்தது, மூன்று கிழமை திறந்து பார்க்கவில்லை.

திருக்கடலூர் தம்பி

எல்லாருக்கும் நன்றி. உட்துறைமுக வீதி அண்ணா சொன்னதைப் படித்துவிட்டு இப்பத்தான் பட்டியலைத் திறந்தேன். இன்னொன்று கிடக்கிறது. 31க்கு வாங்கச் சொல்லி இரண்டு மாதத்துக்கு முதல் போட்டது. அந்தக் கம்பனியை நான் இப்போது பார்ப்பதே இல்லை. எடுத்துவிட்டேன்.

உவர்மலை அண்ணா, ஒரு கேள்வி. OCO போட்டு, 58 லிமிட்டில் 40இல் 15 மட்டும் விற்று விலை திரும்பி இறங்கினால், ஸ்டொப் 25க்குக் குறையுமா, முழுக்க ரத்தாகுமா?

உவர்மலை

நல்ல கேள்வி தம்பி. இரண்டு விதமாகவும் செய்கிறார்கள். சில இடத்தில் விற்ற அளவுக்கு மற்றதைக் குறைப்பார்கள், சில இடத்தில் ஒரு பங்கு விற்றாலும் மற்றது முழுக்கப் போய்விடும், மிச்சம் 25க்குக் காவலே இருக்காது. உங்கட புரோக்கருக்கு எழுதிக் கேளுங்கோ, பதிலை எழுத்தில் வாங்குங்கோ.

திருக்கடலூர் தம்பி

இப்பவே எழுதி அனுப்பிவிட்டேன். அவர்களுக்கு இப்போது இரவு. பதில் வரும்போது நான் நித்திரையாக இருப்பேன், விடிய லொறி போனதும் பார்த்துவிட்டு இங்கே போடுகிறேன். அதுவரைக்கும் ஒரு ஓடரும் இல்லை.