தமிழில் ஓய்வு, ஆங்கிலத்தில் ராஜினாமா: ஒரே மேசையில் இரண்டு கடிதங்கள்

தொடங்கியவர் (எழுத்தர், பொதுத்துறை வங்கி, நெல்லை மாவட்டம்)

கணவரும் மகளும் மூன்று ஆண்டுகளாக மெல்போர்னில் இருக்கிறார்கள். எனக்கும் விசா வந்துவிட்டது, குறிப்பிட்ட தேதிக்குள் முதல் நுழைவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. தந்தை பணியில் இருக்கும்போதே காலமானதால் கருணை அடிப்படையில் 2003 மார்ச்சில் இந்த வங்கியில் சேர்ந்தவள் நான். 21 ஆண்டுகள் கவுன்ட்டரில் உட்கார்ந்து, அடுத்தவர்களின் விண்ணப்பங்களில் உள்ள பிழைகளைத் திருத்திக் கொடுத்தே பழகியவள், என் சொந்தக் கடிதத்தில் சறுக்கினேன்.

சொல்ல நினைத்ததை முதலில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன், ஏனென்றால் மனத்தில் இருப்பது எனக்குத் தமிழில்தான் ஒழுங்காக வரும். அதில் 'விருப்ப ஓய்வு பெற விரும்புகிறேன்' என்றுதான் எழுதியிருந்தேன். மண்டல அலுவலகத்தில் மனிதவளப் பிரிவைப் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் ஆங்கிலப் பிரதியும் தேவைப்பட்டது. சென்ற ஆண்டு வேலையை விட்டுச் சென்ற ஒரு தம்பியின் கடிதத்தை வாங்கி, பெயரையும் தேதியையும் மாற்றி அச்செடுத்தேன். அதன் முதல் வரி 'ஐ ஹியர்பை டெண்டர் மை ரெசிக்னேஷன்' என்று தொடங்கியது. நானும் மரியாதையான ஆங்கிலம்தானே என்று விட்டுவிட்டேன்.

2024 ஏப்ரல் 15 அன்று காலை இரண்டையும் மேலாளரிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து, ஒரு வரி இங்கே, ஒரு வரி அங்கே என்று விரலை ஓட்டிப் படித்தார். 'அம்மா, இந்தத் தாளில் ஓய்வு பெறுகிறீர்கள், அந்தத் தாளில் வேலையை விடுகிறீர்கள். மேலே போவது அந்தத் தாள்தான்' என்றார். வரவு முத்திரை குத்தாமல் இரண்டையும் மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாட்டிற்குள் வேறு எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

என் போன்றவர்கள் 1995ஆம் ஆண்டு வங்கி ஊழியர் ஓய்வூதிய ஒழுங்குவிதிகளின் கீழ் வருகிறோம். அதன் 22ஆம் விதிப்படி ராஜினாமா செய்தால் அதுவரை செய்த பணி முழுவதும் ஓய்வூதியக் கணக்கிலிருந்து போய்விடும். 29ஆம் விதிப்படி, 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவர் மூன்று மாத அறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் உண்டு. ஒரு சொல்லுக்கு ஆயுள் முழுவதும் வரக்கூடிய மாதப் பணம் போயிருக்கும்.

மதியம் எழுதிக் கொடுத்த தமிழ்ப் பிரதி இது:

'பொருள்: 1995ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குவிதிகளின் 29ஆம் விதியின் கீழ் விருப்ப ஓய்வுக்கான மூன்று மாத அறிவிப்பு.

ஐயா, நான் 10.03.2003 முதல் நம் வங்கியில் எழுத்தராகப் பணிபுரிந்து வருகிறேன். வெளிநாட்டில் வசிக்கும் என் கணவருடனும் மகளுடனும் நிரந்தரமாகச் சேர்ந்து வாழ வேண்டியிருப்பதால், மேற்கண்ட விதியின் கீழ் 31.07.2024 அன்று அலுவல் நேரம் முடிவடையும்போது பணியிலிருந்து விருப்ப ஓய்வு பெற முடிவு செய்துள்ளேன். இக்கடிதத்தையே அதற்குரிய அறிவிப்பாக ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். என் பெயரிலுள்ள ஊழியர் வீட்டுக்கடனின் நிலுவையை ஓய்வுக்கால நிதிகளிலிருந்து நேர்செய்துகொள்ள இசைகிறேன். ஆங்கிலப் பிரதிக்கும் இதற்கும் பொருள் வேறுபாடு இல்லை என உறுதி கூறுகிறேன்.'

கடைசி வரியை மேலாளர் சிரித்துக்கொண்டே சேர்க்கச் சொன்னார். ஆங்கிலத்தில் தலைப்பே 'நோட்டீஸ் ஆஃப் வாலன்டரி ரிடையர்மென்ட்' என்று மாறியது. 'ரெசிக்னேஷன்' என்ற சொல் எங்கேயாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று மூன்று முறை தேடிப் பார்த்தேன்.

வங்கியை விட்டு ஜெர்மனி சென்றவர்

அக்கா, எனக்கு இவ்வளவு சிக்கல் எதுவும் வரவில்லை. மனைவிக்கு மியூனிக்கில் வேலை கிடைத்ததும் ஆறு வரியில் ராஜினாமா எழுதினேன், ஒரு மாத அறிவிப்புக் கொடுத்தேன், கிளம்பிவிட்டேன். ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்ததால் பணிக்கொடையும் வந்தது. எல்லாருக்கும் இதுவே போதும் என்று நினைக்கிறேன்.

எனக்கு நேர்ந்தது வேறு சங்கடம். தமிழ்ப் பிரதியில் 'செப்டம்பர் 30 முதல் விலகுகிறேன்' என்று எழுதியிருந்தேன். 30ஆம் தேதி வேலை செய்வேன் என்பது என் எண்ணம். ஆங்கிலத்திலும் 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' 30 என்றே போட்டிருந்ததால், 29ஆம் தேதி மாலையோடு என் பணி முடிந்ததாக மண்டல அலுவலகம் எடுத்துக்கொண்டது. 30ஆம் தேதி காலை என் கணினி நுழைவு முடக்கப்பட்டிருந்தது, ஆனால் காசறைச் சாவிகளில் ஒன்று என் சட்டைப் பையில் இருந்தது. பொறுப்பு ஒப்படைப்புப் பதிவேட்டில் எந்தத் தேதியைப் போடுவது என்று அரைநாள் வாக்குவாதம் நடந்தது. அக்காவின் கடிதத்தில் உள்ள 'அலுவல் நேரம் முடிவடையும்போது' என்ற சொற்றொடரைப் பார்த்தபோது அந்தச் சாவிதான் நினைவுக்கு வந்தது.

ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர், மதுரை

ஜெர்மனித் தம்பி 2010 ஏப்ரல் 1க்குப் பிறகு சேர்ந்தவராக இருப்பார். அன்று முதல் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்திற்குள் வருவதில்லை, புதிய பங்களிப்புத் திட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களின் கணக்கில் சேர்ந்த தொகை, ராஜினாமா என்று எழுதியதால் அழிந்துவிடாது. ஆகவே அவருக்குப் போதுமானது அம்மாவுக்குப் போதாது. எழுத்தர்களுக்கு ஒரு மாத அறிவிப்பு என்பது சாஸ்திரி தீர்ப்பாயக் காலத்திலிருந்தே வருவது, ஆனால் அது வேலையை விடுவதற்கானது. விருப்ப ஓய்வுக்கு மூன்று மாதம்.

அம்மா இன்னொன்றையும் பார்த்துவிட வேண்டும். 20 ஆண்டு என்பது நாட்காட்டிக் கணக்கன்று, தகுதிப் பணிக் கணக்கு. சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால், தனி ஆணை இல்லாத வரை அது கழிந்துவிடும். நான் பொறுப்பிலிருந்தபோது, மகனிடம் போகவிருந்த ஓர் எழுத்தர் 20 ஆண்டு 6 மாதம் ஆகிவிட்டதென்று நம்பிக்கையோடு வந்தார். பணிப் பதிவேட்டைப் புரட்டினால் மனைவியின் நோய்க்காக எடுத்த 8 மாதச் சம்பளமில்லா விடுப்பு இருந்தது. மிஞ்சியது 19 ஆண்டு 10 மாதம். பயணச்சீட்டை மாற்றி, இரண்டு மாதம் கூடுதலாக வேலை பார்த்து, அதன் பிறகுதான் ஓய்வு பெற்றார். பதிவேட்டைப் பார்க்காமல் கடிதத்தில் தேதி போடக்கூடாது என்று அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்லி வருகிறேன்.

வழக்குச் செய்திகளில் ஆர்வமுள்ளவர்

சொல்லுக்கு இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு பொதுக் காப்பீட்டு நிறுவன ஊழியர் 'ராஜினாமா' என்றே எழுதியிருந்தும், 20 ஆண்டுப் பணியும் மூன்று மாத அறிவிப்பும் இருந்ததால் அதை விருப்ப ஓய்வாகவே கொள்ள வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பெயர் எதுவானாலும் உள்ளடக்கம்தான் முக்கியம்.

ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர், மதுரை

அந்தத் தீர்ப்பு உண்மைதான், ஆனால் பாதிக் கதை. அந்த ஊழியர் கடிதம் கொடுத்த காலத்தில் அங்கே ஓய்வூதியத் திட்டமே கிடையாது, பின்னால்தான் வந்தது. ஆகவே இரண்டு சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலையில் அவர் இருக்கவில்லை. 2019இல் ஒரு மின்வாரியத் தொடர்ச்சி நிறுவனத்தின் வழக்கில், ராஜினாமா வேறு, விருப்ப ஓய்வு வேறு, ஒன்றை மற்றொன்றாக மாற்றிப் படிக்க முடியாது என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. மேலும், தீர்ப்பு சாதகமாகவே வந்தாலும், மெல்போர்னில் உட்கார்ந்துகொண்டு இங்கே பல ஆண்டு வழக்கு நடத்துவது யாரால் ஆகும்?

யாழ்ப்பாணத்திலிருந்து கனடா சென்றவர்

எங்கள் நாட்டு விதிகள் வேறு என்பதால் மேலே உள்ளவற்றைப் பற்றி நான் எதுவும் சொல்ல இயலாது. ஆனாலும் இரண்டு மொழிப் பிரச்சினை எனக்கும் வந்தது. நான் ஒரு தனியார் வங்கியின் கிளையில் எழுதுவினைஞராக இருந்தேன். பதவி விலகல் கடிதத்தைத் தமிழில் எழுதி, 'கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்ற கணவருடன் இணைவதற்காக நாட்டை விட்டு நிரந்தரமாகச் செல்கிறேன்' என்று தெளிவாகவே குறிப்பிட்டிருந்தேன். கொழும்புக்கு அனுப்ப வேண்டிய ஆங்கிலப் பிரதியை எழுதித் தந்த சிநேகிதி, வீட்டு விசயங்களை ஏன் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று எண்ணி 'பெர்சனல் ரீசன்ஸ்' என்று மட்டும் போட்டுவிட்டார்.

எங்களிடம் ஊழியர் சேமலாப நிதியை ஓய்வு வயதுக்கு முன்பு பெறுவதற்குச் சில காரணங்களே ஏற்கப்படும், நிரந்தரமாக நாட்டை விட்டுச் செல்வது அவற்றில் ஒன்று. வங்கி தந்த சேவைச் சான்றிதழில் ஆங்கிலக் கடிதத்திலிருந்த காரணமே ஏறியிருந்தது. விசாவைக் காட்டினேன், ஆனாலும் சான்றிதழைத் திருத்தி வாங்கி வரச் சொன்னார்கள். அதற்குள் என் பயண நாள் வந்துவிட்டது. என் தாயாருக்கு அதிகாரக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன், மீதி அலைச்சல் முழுவதும் அவருடையதாயிற்று.

கோவை எழுத்தர்

நான் வேறொன்று கேட்க வேண்டும். எனக்கு 9 ஆண்டுதான் ஆகிறது, ஓய்வுப் பேச்சே இல்லை. கணவர் துபாயில் இருக்கிறார். விசா உறுதியாகும் முன்பே ராஜினாமா கொடுத்துவிட்டேன், இப்போது விசா தள்ளிப்போகிறது. எங்கள் வங்கியில் பெண்களுக்கு இரண்டு ஆண்டு நீண்ட விடுப்பு உண்டென்று ஒரு தோழி சொல்கிறாள், இன்னொருத்தி இல்லை என்கிறாள். கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற முடியுமா?

ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர், மதுரை

உங்கள் கடிதத்தில் வருங்காலத் தேதி போட்டிருந்து, அந்தத் தேதி இன்னும் வரவில்லை என்றால் இன்றே திரும்பப் பெறும் கடிதத்தைக் கொடுங்கள். தேதியிட்ட விலகல் அந்தத் தேதி வரை நடைமுறைக்கு வராது, அதுவரை திரும்பப் பெறலாம் என்று 1978லேயே ஓர் உயர் நீதிமன்ற நீதிபதியின் ராஜினாமா தொடர்பான வழக்கில் சொல்லப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்பாடு ஊழியர்களுக்கும் எடுத்தாளப்படுகிறது. ஆனால் 'உடனடியாக விடுவிக்கவும்' என்று எழுதி, வங்கியும் ஏற்றுவிட்டிருந்தால் நிலைமை வேறு. கடிதத்தில் சரியாக என்ன எழுதினீர்கள்?

கோவை எழுத்தர்

தமிழில் 'மே மாத இறுதியில்' என்று எழுதினேன். ஆங்கிலத்தில் 'அட் தி எர்லியஸ்ட்' என்று இருக்கிறது. இப்போதுதான் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற தொழிற்சங்கப் பொறுப்பாளர், மதுரை

ஏற்பு ஆணை கையில் வந்துவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். வரவில்லை என்றால், திரும்பப் பெறும் கடிதத்தை இன்று மாலைக்குள் கொடுத்து, நகலில் நேரத்தோடு முத்திரை வாங்குங்கள். நீண்ட விடுப்பு வங்கிக்கு வங்கி மாறும் என்பதால் உங்கள் சுற்றறிக்கையைப் பார்க்காமல் நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

தொடங்கியவர்

ஐயா சொன்ன பிறகு என் பணிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். மகள் சிறு குழந்தையாக இருந்தபோது இரண்டு தவணைகளில் 11 மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருக்கிறேன். அதைக் கழித்தாலும் ஜூலை 31 அன்று 20 ஆண்டு 5 மாதம் நிற்கிறது, தகுதிக்குக் குறைவில்லை. ஆனால் ஓய்வூதியத் தொகை எத்தனை ஆண்டுக்குக் கணக்கிடப்படும் என்பதில் அந்த 11 மாதம் சேர்வதும் கழிவதும் வேறுபாட்டை உண்டாக்கும். அதைத் தகுதிப் பணியாகச் சேர்க்க அனுமதி கேட்டுத் தனிக் கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்திருக்கிறேன். மண்டல அலுவலகம் இன்னும் பதில் தரவில்லை. மேலாளர் அதையும் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்த பிறகே அனுப்பினார்.