மாத நடுவில் அசலில் 5 லட்சம் கட்டினேன், வட்டி குறையவே இல்லை: உங்கள் அனுபவம்?

திருச்சி வாசி: வீட்டுக் கடனில் பாக்கி அசல் 20 லட்சம், வட்டி 9 சதவீதம். ஜூன் 16 அன்று 5 லட்சம் அசலில் கட்டினேன். மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட் எடுத்தால், ஜூன் வட்டி முழுசாக 15,000 போட்டிருக்கிறார்கள். பணம் 16ஆம் தேதியே வந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அசல் மட்டும் ஜூலை 1 அன்றுதான் குறைந்திருக்கிறது. இப்படி வேறு யாருக்காவது நடந்ததா?

மளிகைக்கடை அண்ணாச்சி: முன்கூட்டியே கட்டினால் அபராதம் போடுவார்களே, அதுவாக இருக்கும். நகைக்கடனில் என்னிடம் வாங்கினார்கள்.

திருச்சி வாசி: அபராதம் எதுவும் இல்லை அண்ணாச்சி. என் கடன் மாறும் வட்டி.

கணக்கு வாத்தியார்: பாதி மாதம் 20 லட்சத்துக்கு 7,500. மீதிப் பாதி 15 லட்சத்துக்கு 5,625. மொத்தம் 13,125 தான் வர வேண்டும். 1,875 ரூபாய் கூடுதலாகப் பிடித்திருக்கிறார்கள், திருப்பிக் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற கடன்பிரிவு: வாத்தியார் போன வழி சரி, ஆனால் நாள்கணக்கு என்றால் வருட வட்டியை 12ஆல் வகுக்க மாட்டார்கள், 365ஆல் வகுப்பார்கள். 20 லட்சத்துக்கு ஒரு நாள் வட்டி 493.15. ஜூன் 1 முதல் 15 வரை 7,397. பிறகு 15 லட்சத்துக்கு ஒரு நாள் 369.86, அது 15 நாளுக்கு 5,548. ஆக 12,945.

ஆனால் திருச்சிக்காரருக்கு வந்தது சரியாக 15,000. 30 நாள் மாதத்துக்கு நாள்கணக்கில் அந்தத் தொகை வராது, 14,795 தான் வரும். அதனால் அது மாதக் கணக்குக் கடன். மாதத் தொடக்க அசலுக்கே முழு மாத வட்டி; நடுவில் கட்டியது அடுத்த மாதம்தான் கழியும். சந்தேகம் இருந்தால் பழைய ஸ்டேட்மென்டில் பிப்ரவரியைப் பாருங்கள். நாள்கணக்குக் கடனில் அந்த மாத வட்டி பளிச்சென்று இறங்கி மார்ச்சில் மறுபடி ஏறும். மாதக் கணக்கில் ஒரே சீராகக் குறைந்துகொண்டே போகும்.

ராஜி அக்கா: எனக்கு வேறு கூத்து. அசலுக்கு என்று எழுதிக் கொடுக்காததால் அடுத்த தவணைகளுக்கான முன்பணமாக வைத்துக்கொண்டார்கள். வட்டி ஒரு பைசா குறையவில்லை. கடிதம் கொடுத்த பிறகுதான் மாற்றினார்கள், அதுவும் கடிதம் கொடுத்த தேதியிலிருந்துதான்.

திருச்சி வாசி: பிப்ரவரியைப் பார்த்தேன், சீராகத்தான் இறங்குகிறது. அப்படியென்றால் நான் 16ஆம் தேதி கட்டியதும் 30ஆம் தேதி கட்டியதும் ஒன்றுதானா?

ஓய்வுபெற்ற கடன்பிரிவு: வட்டியைப் பொறுத்தவரை ஒன்றுதான். அடுத்த முறை மாதக் கடைசி வரை பணத்தை உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே வைத்திருங்கள். கடைசி நாள் வரை இழுக்காதீர்கள். காசோலை என்றால் பணம் சேரும் தேதிதான் கணக்கு. 1ஆம் தேதி தாண்டினால் இன்னொரு மாத வட்டி.

திருச்சி வாசி: சரி. ஆனால் கடன் வாங்கும்போது கிளையில் தினசரிக் கணக்கு என்றுதான் வாயால் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் மாதக் கணக்கு என்று இருக்கிறது. இப்போது மின்னஞ்சலில் கேட்டிருக்கிறேன்.

கணக்கு வாத்தியார்: வாயால் சொன்னதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

திருச்சி வாசி: அதுதான் சிக்கல். பதில் வந்தால் இங்கே போடுகிறேன்.