லெட் நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் கலந்த கணக்கு, என் விடை கீயோட ஒத்து வரல, எங்க தப்புன்னு சொல்லுங்க

கொழிஞ்சாம்பாறை ப்ளஸ் ஒன்:
எல்லாருக்கும் வணக்கம். தமிழ் மீடியத்துல ப்ளஸ் ஒன் படிக்கறேன், மாடல் பேப்பர்ல வந்த கணக்கு இது. 0.10 M Pb(NO₃)₂ 50 மில்லி, 0.05 M KI 150 மில்லி, ரெண்டையும் கலந்தா எத்தனை கிராம் PbI₂ படியும், கரைசல்ல என்னென்ன அயனி எவ்வளவு மிச்சம் இருக்கும்னு கேட்டிருக்காங்க. நான் போட்டது: லெட் 5 மில்லிமோல், அயோடைடு 7.5 மில்லிமோல், லெட் கம்மி அதனால லெட்தான் முதல்ல தீரும், அப்ப 5 மில்லிமோல் PbI₂, அதை 461ஆல பெருக்கினா 2.305 கிராம். மிச்ச அயோடைடு 2.5 மில்லிமோல், 200 மில்லியில 0.0125 M. கீல 1.73 கிராம்னு இருக்கு, மிச்சம் இருக்கறது லெட்டுங்கறாங்க!! கீ தப்பா நான் தப்பான்னு தெரியல. நாளைக்கழிச்சு பரீட்சை.

வேலந்தாவளம் தம்பி:
கீ சரிதான். ஒரு லெட்டுக்கு ரெண்டு அயோடைடு வேணும், நீ ஒண்ணுக்கு ஒண்ணுன்னு போட்டுட்ட. 5 மில்லிமோல் லெட்டுக்கு 10 மில்லிமோல் அயோடைடு தேவை, கையில இருக்கறது 7.5தான், அதனால அயோடைடு தீர்ந்துடும். 7.5ல பாதி 3.75 மில்லிமோல் PbI₂, 1.73 கிராம் வந்துருச்சா. மிச்ச லெட் 1.25 மில்லிமோல். பெரிய பாத்திரம் 150 மில்லி, அதுக்குள்ளதான ஊத்தறோம், அதனால 150ஆல வகுத்தா லெட் 0.0083 M, K⁺ 0.05, நைட்ரேட் 0.0667. பாசிட்டிவ் சார்ஜையும் நெகட்டிவையும் கூட்டிப் பாரு, ரெண்டு பக்கமும் 0.0667 வருது, டேலி ஆயிடுச்சு.

மீனாட்சிபுரம் டியூஷன் சார்:
தம்பி, கிராம் வரைக்கும் நீங்க சொன்னது கரெக்ட், அதுக்கப்புறம் வால்யூம்ல சறுக்கிட்டீங்க. பாத்திரம் எதுவா இருந்தாலும் இப்ப உள்ள இருக்கறது 50உம் 150உம் சேர்ந்து 200 மில்லி. அப்ப லெட் 1.25ஐ 200ஆல வகுத்தா 0.00625 M, K⁺ 7.5ஐ வகுத்தா 0.0375 M. நைட்ரேட்ல பாதிப் பேர் ஏமாறுவாங்க, ஒரு Pb(NO₃)₂க்கு ரெண்டு நைட்ரேட், அதனால 10 மில்லிமோல், 0.05 M. அது வீழ்படிவுக்குள்ள போகவே இல்ல, கடைசி வரைக்கும் தண்ணியிலதான் சுத்திட்டு இருக்கும்.

சார்ஜ் கூட்டிப் பாக்கற பழக்கம் நல்ல பழக்கம்தாங்க, ஆனா அதுக்கு ஒரு ஓட்டை இருக்கு. எல்லா அயனியையும் ஒரே தப்பான வால்யூமால வகுத்தா ரெண்டு பக்கமும் அதே விகிதத்துல பெருசாகும், டேலி ஆகத்தான் செய்யும், தப்பு வெளிய தெரியாது. அதைப் புடிக்க K⁺ஐப் பாருங்க. KI பாட்டில்ல அது 0.05 M, உங்க விடையிலயும் 0.05. 50 மில்லி வேற கரைசல் ஊத்தின பிறகும் அடர்த்தி குறையாம அப்படியே நிக்குமா?

தங்கச்சி போட்டதைப் பாத்தீங்கன்னா அங்க சார்ஜ் செக்கே காட்டிக் கொடுத்துரும். K⁺ 0.0375 ஒரு பக்கம், நைட்ரேட் 0.05உம் அயோடைடு 0.0125உம் சேர்ந்து 0.0625 இன்னொரு பக்கம். அப்படி ஒரு கரைசல் இருக்கவே முடியாது, அதனால எங்கயோ 2:1 விட்டுப் போச்சுன்னு கீயைப் பாக்காமலே கண்டுபிடிச்சிருக்கலாம்.

கொழிஞ்சாம்பாறை ப்ளஸ் ஒன்:
ஐயோ ஆமா சார், சமன்பாடு எழுதாமலே கணக்குல இறங்கிட்டேன். இன்னொண்ணு, அயோடைடு எவ்வளவுன்னு கேட்டா பூஜ்யம்னு எழுதிடலாமா?

லேப் அட்டெண்டர் வாளையார்:
நடுவுல வர்றேன் மன்னிக்கணும், இதே அளவுதான் எங்க லேப்ல பசங்களுக்குக் குடுத்தோம், மஞ்சள் நல்லா வந்துச்சு, வடிகட்டிக் காய வச்சு நிறுத்தா ஒரு குரூப்புக்கு 1.6 சொச்சம் இன்னொரு குரூப்புக்கு 1.85. ஒண்ணு கம்மி ஒண்ணு ஜாஸ்தி, நான் தராசுதான் கெட்டுப் போச்சுன்னு எழுதிக் குடுத்துட்டேன், அது தராசு கோளாறுதானே?

மீனாட்சிபுரம் டியூஷன் சார்:
ரெண்டு பேரு கேள்விக்கும் ஒரே இடத்துல பதில் இருக்கு. ப்ளஸ் ஒன் கணக்குல Ksp குடுக்கலைன்னா அயோடைடு கிட்டத்தட்ட பூஜ்யம்னு எழுதினா போதும். ஆனா லெட் அயோடைடு அவ்வளவு கரையாத சரக்கு இல்ல. Ksp புக்குக்குப் புக்கு கொஞ்சம் மாறும், 7.1×10⁻⁹னு வச்சுக்குவோம். கரைசல்ல லெட் 0.00625 இருக்கு, Ksp-ஐ அதால வகுத்து வர்க்கமூலம் எடுத்தா அயோடைடு சுமார் 0.001 M. 200 மில்லியில அது 0.2 மில்லிமோல், ஒரு லெட்டுக்கு ரெண்டுன்னு பாத்தா 0.1 மில்லிமோல் PbI₂ படியாமலே நின்னுருச்சு, கிட்டத்தட்ட 0.05 கிராம். அதனால நிஜத்துல 1.68 பக்கம்தான் கிடைக்கும். சில்வர் குளோரைடா இருந்தா இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது, லெட் அயோடைடுல தெரியும்.

அட்டெண்டர் அண்ணா, 1.6 வந்த குரூப் நிறைய தண்ணி ஊத்திக் கழுவியிருப்பாங்க. 100 மில்லி தண்ணி சாதா வெப்பத்துல 0.05லேர்ந்து 0.08 கிராம் வரைக்கும் கரைச்சு எடுத்துட்டுப் போயிரும், சுடுதண்ணின்னா இன்னும் பல மடங்கு. ஐஸ்ல வச்ச தண்ணி, கொஞ்சமா, ரெண்டு தடவை, அவ்வளவுதான். 1.85 குரூப் கழுவவே இல்லையோன்னு நினைக்கறேன். பேப்பர்லயும் பொடியிலயும் ஒரு 10 மில்லி கரைசல் ஒட்டியிருந்து காஞ்சா அதுல இருக்கற பொட்டாசியம் நைட்ரேட், மிச்ச லெட் நைட்ரேட் எல்லாம் சேர்ந்து 0.06 கிராம் சேரும்.

வேலந்தாவளம் தம்பி:
அப்ப 1.68உம் 0.06உம் 1.74தானே ஆச்சு, 1.85க்கு எங்க சார் போறது

மீனாட்சிபுரம் டியூஷன் சார்:
மிச்சம் ஈரமா இருக்கலாம், இல்ல வெறும் பேப்பரை முதல்ல நிறுக்காம கணக்குல ஒரு எடை போட்டிருக்கலாம். மறுபடி காய வச்சு நிறுங்க, குறைஞ்சா ஈரம். குறையலைன்னா எனக்கும் புரியாது.

லேப் அட்டெண்டர் வாளையார்:
பேப்பரை நிறுத்தோமான்னு பசங்களைத்தான் கேக்கணும். வெயில்லதான் காய வச்சோம், அன்னைக்கு மூடாப்பு வேற. வடிச்ச தண்ணிய சிங்க்ல விடலாமாங்க?

மீனாட்சிபுரம் டியூஷன் சார்:
கூடாதுங்க, அதுல இன்னும் லெட் இருக்கு, இப்பதானே 0.00625ன்னு போட்டோம். ஒரு கேன்ல சேத்து லேபிள் ஒட்டி தனியா வைங்க, சிங்க் பக்கம் போக வேண்டாம். பொடியையும் கையால தொட விடாதீங்க.

கொழிஞ்சாம்பாறை ப்ளஸ் ஒன்:
சார் Ksp குடுத்துட்டு அயோடைடு கேட்டா லெட் 0.00625னே வச்சுக்கலாமா, கரைஞ்சு வர்ற லெட்டையும் கூட்டணுமா?

மீனாட்சிபுரம் டியூஷன் சார்:
கூட்டினா லெட் 0.0068 ஆகும், அயோடைடு 0.00107லேர்ந்து 0.00102க்கு இறங்கும். பரீட்சையில கூட்டாம போட்டா மார்க் போகாதுன்னுதான் நினைக்கறேன், திருத்தறவங்க மனசு எப்படியோ.