புதுப்பிப்பு: இரவில் பல் நறநறப்பு, காலையில் தாடை வலி

என் பழைய கேள்வி: "தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறேன். மெத்தென்ற மவுத் கார்டு போட்டும் காலையில் தாடை வலி கூடுகிறது, ஏன்?"

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஆறு வாரத்தில் வலி நன்றாகக் குறைந்தது, நறநறப்பு நிற்கவில்லை.

வெந்நீரில் போட்டுக் கடித்து அச்செடுக்கும் கார்டுதான் காரணம் என்று இங்கே ஒரு பல் மருத்துவர் சொன்னது சரி. ரப்பர் போல இருப்பதால் சிலர் இரவெல்லாம் அதை மென்றுகொண்டே இருப்பார்களாம். கன்னத் தசை ஓயாது. என் கார்டில் கடைவாய்ப் பக்கம் ஓட்டையே விழுந்திருந்தது. அளவெடுத்துச் செய்த கடினமான அக்ரிலிக் கார்டுக்கு மாறினேன். முதல் வாரம் வலப்பக்கம் மட்டும் முந்தி இடித்தது. மருத்துவர் மைக்காகிதத்தைக் கடிக்கச் சொல்லி, கறை அழுத்தமாக விழுந்த இடத்தை ராவினார். அதன்பிறகுதான் பலன்.

"டென்ஷனைக் குறைத்தால் போதும்" என்றவர் பாதி சரி. பகலில் கணினி முன்னாலும் பல்லை இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்போது மணிக்கொரு அலாரம்: உதடு மூடி, பல் விலகி, நாக்கு மேலண்ணத்தில். தன் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கார்டு கேட்டவர் என்னைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். தாடை வளரும் வயது, மருத்துவரிடமே கேளுங்கள்.

எதிர்பாராதது: சில நாள் போடாமல் விட்டதும் கார்டு பல்லில் இறுக்கமாக உட்கார்ந்தது. காதோரச் சொடுக்குச் சத்தமும் இன்னும் போகவில்லை.