ஒரே 192.168.1.64 முகவரியை இரண்டு கருவிகள் பிடித்துக்கொள்கின்றன: உதவி தேவை

மதுரையில் எங்கள் வீட்டுக் கேமராப் பதிவுப் பெட்டி (டிவிஆர்), இரண்டு வாரங்களாக மாலை நேரங்களில் மட்டும் நெட்வொர்க்கிலிருந்து விலகிவிடுகிறது. தனியாக இருக்கும் அம்மாவைப் பார்ப்பதற்கு எனக்கு இதுவே வழி. நிறுவியவர் அதில் 192.168.1.64 என்ற முகவரியைக் கையால் பதித்திருக்கிறார். ரவுட்டரோ 2 முதல் 254 வரை எல்லா முகவரிகளையும் தானாகப் பங்கிடுகிறது.

ரவுட்டரை அணைத்துப் போட்டேன், கேபிளை மாற்றினேன், பயனில்லை. நேற்று மாலை டிவிஆரின் கேபிளைக் கழற்றிவிட்டு, விண்டோஸ் மடிக்கணினியில் இவற்றை இயக்கினேன்:

```
arp -d 192.168.1.64
ping 192.168.1.64
arp -a
```

கேபிள் இல்லாதபோதும் பதில் வந்தது. அப்போது தெரிந்த மேக் முகவரி d6 என்று தொடங்கியது. டிவிஆரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் இருப்பது வேறு. இரண்டாம் எழுத்து 6 என்பதால், அது கைப்பேசி தானே உருவாக்கிக்கொண்ட மேக் என்று கருதுகிறேன். தம்பி வேலையிலிருந்து திரும்பும் நேரமும் அதுதான்.

பங்கீட்டு எல்லையை 100-இலிருந்து தொடங்க வைக்கலாமென்றால், இணையச் சேவை தந்த ரவுட்டரில் அந்தக் கட்டம் பூட்டப்பட்டிருக்கிறது. முகவரி ஒதுக்கீட்டுப் பகுதி மட்டும் திறக்கிறது. டிவிஆரில் கையால் பதித்ததை அப்படியே விட்டுவிட்டு, அதன் மேக்குக்கு 64-ஐ அங்கே ஒதுக்கினால், ரவுட்டர் அதை வேறு கருவிக்குத் தராமல் இருக்குமா, அல்லது டிவிஆரையும் டிஹெச்சிபி முறைக்கு மாற்றியே ஆக வேண்டுமா?