காசு கட்டிப் போட்ட வேலை விளம்பரங்களுக்கு விண்ணப்பம் வருவதில்லை, எங்கே தவறு?

குறடு:
மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்க்கும் டெக்னீஷியன்களுக்கென்று தனியாக ஒரு வேலைத் தளம் நடத்துகிறேன். வேர்ட்பிரஸ்தான். சாதாரண விளம்பரம் 30 நாள் இருக்கும். அதைவிட மூன்று மடங்கு கட்டணத்தில் 'மேலேற்றும்' விளம்பரம் ஒன்று உண்டு, அது 7 நாளுக்கு ஒரு முறை பட்டியலின் உச்சிக்கு வரும். வருமானத்தில் பெரும்பகுதி இதிலிருந்துதான்.

முதல் நான்கு மாதம் நன்றாகப் போனது. இப்போது கட்டணம் கட்டியவர்கள் திட்டுகிறார்கள். மயக்க மருந்து இயந்திரம் சர்வீஸ் செய்ய ஆள் கேட்ட ஒரு நிறுவனத்துக்கு 30 நாளில் வந்தது இரண்டே விண்ணப்பம். முன்பு இதே மாதிரி வேலைக்கு இருபதுக்கு மேல் வரும். தளத்துக்கு வரும் கூட்டமோ பெரிதாகக் குறையவில்லை. தீம் மெதுவாக இருப்பதுதான் காரணமா? ஹோஸ்டிங்கை மாற்றலாமா?

தாமரை_இலை:
எனக்கும் கட்டண விளம்பரத்தில் தலைவலிதான். பணம் போய்விடுகிறது, விளம்பரம் வெளியாவதில்லை. 'நன்றி' பக்கம் திறந்தால்தான் வெளியிடும்படி எழுதியிருந்தேன். பணம் கட்டியதும் ஜன்னலை மூடிவிட்டுப் போகிறவர்கள் அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் விளம்பரம் உண்மையில் வெளியாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

குறடு:
வெளியாகியிருக்கிறது அக்கா. பட்டியலில் முதலிடத்திலேயே நிற்கிறது. உங்கள் சிக்கலுக்கு, பணம் செலுத்தும் நிறுவனம் நேராக சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக்கை நம்புங்கள், 'நன்றி' பக்கத்தை நம்பாதீர்கள். ஆனால் அதே வெப்ஹூக் இரண்டு முறை வரலாம். பரிவர்த்தனை எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் விட்டுவிடும்படி எழுதுங்கள்.

இரவுக்காவல்:
ஹோஸ்டிங்கைத் தொடாதீர்கள். மொத்தக் கூட்டம் குறையவில்லை, விண்ணப்பம் மட்டும் குறைந்தது என்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு விண்ணப்பம் கொண்டுவந்தது பட்டியல் பக்கம் இல்லை. கூகுளில் வேலை தேடினால் தனிப் பெட்டியாக வருமே, அங்கிருந்து நேராக விளம்பரத்துக்கு வந்தவர்கள்தான். அந்த வழி அடைபட்டிருக்க வேண்டும்.

இரண்டு இடம் பாருங்கள். கூகுள் சர்ச் கன்சோலில் செயல்திறன் அறிக்கையைத் திறந்து, தேடலில் தோன்றும் விதத்தில் வேலைவாய்ப்பை மட்டும் வடிகட்டுங்கள். அடுத்து, அங்கேயே, விதியை மீறிய தளங்கள் மீது கூகுள் எடுக்கும் கைமுறை நடவடிக்கை என்ற பக்கத்தில் ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

குறடு:
ஐயோ. வேலைவாய்ப்புக் கிளிக்குகள் ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரே நாளில் பூஜ்யம். கைமுறை நடவடிக்கையும் இருக்கிறது, பக்கத்துக்குள் கூகுள் படிக்க எழுதிவைக்கும் கட்டமைப்புத் தரவில் சிக்கலாம். மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், நான் பார்க்காத பழைய முகவரிக்கு.

பாதிவிலை:
எனக்கு இது நடந்திருக்கிறது. பழைய விளம்பரங்களை எல்லாம் அழித்து முகப்புக்கு 301 திருப்பல் போட்டுவிடுங்கள். அவற்றுக்குக் கூகுளில் இருந்த மதிப்பு, அந்தச் சாறு, முகப்புக்கு வந்து சேரும்.

இரவுக்காவல்:
பழையவற்றைக் கழிக்கச் சொன்னது சரி. முகப்புக்குத் திருப்புவது வேண்டாம். வென்டிலேட்டர் வேலையைத் தேடி வந்தவருக்கு முகப்பு எந்தப் பதிலும் சொல்லாது. கூகுளும் அப்படிப்பட்ட திருப்பலைப் பெரும்பாலும் 'இல்லாத பக்கம்' என்றே கணக்கில் வைக்கும், சாறெல்லாம் சேராது.

குறடு, இந்த நடவடிக்கை சாதாரணத் தேடல் முடிவுகளைத் தொடாது. வேலைப் பெட்டியில் தோன்றும் தகுதியை மட்டும் பறிக்கும். அதனால்தான் மொத்தக் கூட்டத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டீர்கள். இப்போது காலாவதியான ஒரு விளம்பரத்தையும், மேலேற்றிய ஒன்றையும் திறந்து, பக்க மூலத்தில் `JobPosting` என்ற பகுதியை இங்கே ஒட்டுங்கள்.

குறடு:
மேலேற்றியது, 23ஆம் நாள் எடுத்தது:

```json
"@type": "JobPosting",
"title": "அவசரம்!! சர்வீஸ் டெக்னீஷியன்",
"datePosted": "2025-03-22"
```

முதலில் போட்டது மார்ச் 1. காலாவதியான பக்கத்தில் 'இந்த வேலை முடிந்துவிட்டது' என்று எழுத்தில் வருகிறது, ஆனால் உள்ளே இதே பகுதி அப்படியே இருக்கிறது. அப்படிப்பட்ட பக்கங்கள் 140க்கு மேல் இருக்கும்.

இரவுக்காவல்:
காரணம் கிடைத்துவிட்டது. ஒன்று, வேலை எதுவரை திறந்திருக்கும் என்று சொல்லும் `validThrough` இல்லை. முடிந்த வேலைகளும் திறந்தே இருப்பதாகக் கூகுளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். சொடுக்கி வந்தவர் 'முடிந்துவிட்டது' என்று படிக்கிறார். நடவடிக்கைக்கு இது ஒன்றே போதும்.

இன்னொன்று நீங்கள் விற்கும் சரக்கிலேயே இருக்கிறது. மேலேற்ற என்ன செய்கிறீர்கள், பதிவின் தேதியைத்தானே மாற்றுகிறீர்கள்? வேலை முதலில் அறிவிக்கப்பட்ட தேதிதான் `datePosted`-இல் இருக்க வேண்டும். உங்கள் தளத்தில் அது வாரம் ஒரு முறை புதிதாகப் பிறக்கிறது. மேலேற்றுவதை விற்கலாம், அதில் தப்பில்லை. தேதியைத் தொடாமல், வரிசைப்படுத்த `_bumped_at` என்று தனி மதிப்பு வையுங்கள். முதல் தேதியை `_first_posted` என்று சேமித்து அதை எடுத்துக் கொடுங்கள்:

```php
'datePosted'   => get_post_meta($id, '_first_posted', true),
'validThrough' => $expiry . 'T23:59:59+00:00',
```

`$expiry` வெறும் `2025-03-31` வடிவில் இருக்கட்டும். தலைப்பில் 'அவசரம்'ஐயும் எடுங்கள், அது வேலையின் பெயர் இல்லை. காலாவதியானவற்றுக்கு, பக்கம் போய்விட்டது என்று சொல்லும் 410:

```php
add_action('template_redirect', function () {
  if (is_singular('job_listing') && get_post_status() === 'expired')
    status_header(410);
});
```

குறடு:
போட்டேன், ஆனால் `curl -I` கொடுத்தால் பக்கம் இருக்கிறது என்று சொல்லும் 200தான் இன்னும் வருகிறது.

இரவுக்காவல்:
கேஷ் ப்ளகின் இருக்கிறதா? பழைய பக்கத்தை அதுவே எடுத்து நீட்டும், உங்கள் நிரல் ஓடவே ஓடாது. முழுக்கக் காலி செய்யுங்கள். அப்புறம், விளம்பரம் காலாவதியாகும் நொடியில் அந்த ஒரு பக்கத்தின் கேஷும் அழியும்படி வையுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதமும் இங்கேதான் நிற்பீர்கள்.

வகைப் பக்கங்களையும் பாருங்கள். இருபது வேலை வரிசையாக இருக்கும் பக்கத்தில் `JobPosting` இருக்கக் கூடாது, தனி வேலைப் பக்கத்தில் மட்டும்தான்.

குறடு:
இருந்தது. தீம்காரர் எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கிறார். எடுத்துவிட்டேன். இப்போது 410 வருகிறது, சோதனைக் கருவியிலும் பிழை இல்லை. கூகுளிடம் மறுபரிசீலனை கேட்டு அனுப்பினேன்: என்ன தவறு, எந்த வகைப் பக்கங்களில் இருந்தது, இனி எப்படித் தானாக நீங்கும் என்று மூன்று பத்தி.

பாதிவிலை:
எல்லாவற்றையும் 410 செய்தால், 'இந்த நிறுவனம் முன்பு என்ன வேலைக்கு ஆள் எடுத்தது' என்று தேடி வருபவர்களை இழப்பீர்களே? என் தளத்தில் அந்தப் பழைய பக்கங்கள்தான் நிறுவனங்களைக் கூட்டி வருகின்றன.

இரவுக்காவல்:
அது நியாயமான கேள்விதான். பக்கத்தை வைத்துக்கொண்டு `JobPosting`-ஐ மட்டும் நீக்கினாலும் விதிப்படி சரியே. ஆனால் குறடு மாதிரி ஏற்கெனவே மாட்டியவர் முதலில் சுத்தமாகக் கழிப்பது நல்லது என்பது என் எண்ணம். நான் ஒரு தளத்தில் வைத்தேன், இன்னொன்றில் கழித்தேன். எது மேல் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

தாமரை_இலை:
காசு கட்டியவர்களுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?

குறடு:
அந்த ஐந்து வாரத்துக்குள் ஓடிய 11 கட்டண விளம்பரங்களுக்கும் இலவசமாக 30 நாள் நீட்டித்தேன். இனி 10ஆம் நாள், பார்வை எத்தனை, 'விண்ணப்பி' பொத்தான் எத்தனை முறை அழுத்தப்பட்டது என்று ஒரு சிறு மின்னஞ்சல் போகும். இந்த எண் கையில் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே பிடித்திருப்பேன்.

குறடு (12 நாள் கழித்து):
நடவடிக்கையை நீக்கிவிட்டார்கள். நேற்றிலிருந்து வேலைப் பெட்டியில் கிளிக் வருகிறது, பழைய அளவில் பாதிகூட இல்லை. மயக்க மருந்து இயந்திரக்காரர் நீட்டிப்பை வேண்டாம் என்று சொல்லி, பணத்தைத் திரும்பக் கேட்டார். கொடுத்துவிட்டேன்.