உடைந்துபோன பார்சலுக்கு மன்னிப்புக் கடிதம்: நான் எழுதியது ஒட்டவில்லை, திருத்தித் தர முடியுமா?

கேட்டவர்:
வணக்கம். பீங்கான் சாமான்கள் விற்கும் சின்னக் கடை என்னுடையது. ஆறு கோப்பைகள் கொண்ட செட் ஒன்றைக் கூரியரில் அனுப்பியிருந்தேன். இரண்டு உடைந்துவிட்டன, ஒன்றின் கைப்பிடி விண்டுவிட்டது. வாடிக்கையாளர் படம் அனுப்பி, "ஞாயிற்றுக்கிழமை ஒருவருக்குப் பரிசாகக் கொடுக்க வாங்கியது" என்று மட்டும் எழுதியிருக்கிறார். கோபமாக ஒரு வார்த்தைகூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருக்கிறது. பதிலாக இதை எழுதினேன்:

"மதிப்பிற்குரிய வாடிக்கையாளருக்கு, தங்களால் பெறப்பட்ட பார்சலில் பொருட்கள் சேதமடைந்திருப்பதாகத் தாங்கள் தெரிவித்தது எங்கள் கவனத்திற்கு வந்தது. உங்களுக்கு ஏதேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம். எங்கள் தரப்பில் உரிய முறையில் கட்டப்பட்டே அனுப்பப்பட்டது. ஆயினும் தங்கள் திருப்திக்காக மாற்றுப் பொருள் விரைவில் அனுப்பி வைக்கப்படும். சேதமடைந்தவற்றைத் திருப்பி அனுப்பவும். அடுத்த ஆர்டருக்கு 10 சதவீதம் தள்ளுபடி உண்டு."

படித்துப் பார்த்தால் நான் எழுதியது மாதிரியே இல்லை. எங்கே தப்பு?

பதில் 1:
"வருந்துகிறோம்" என்பதை "மன்னிக்கவும்" என்று மாற்றுங்கள், போதும். மற்றதெல்லாம் மரியாதையாகத்தான் இருக்கிறது.

பதில் 2:
அந்த மாற்றம் தேவைதான். வருத்தம் யாருக்கும் வரலாம், மன்னிப்பைத் தப்புச் செய்தவர்தான் கேட்க முடியும். ஆனால் அது மட்டும் போதாது. கடைகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

"சேதமடைந்திருப்பதாகத் தாங்கள் தெரிவித்தது" என்பதில் அந்த "-தாக" இருக்கிறதே, அது சந்தேகத்தின் வால். "நீங்கள் அப்படிச் சொல்கிறீர்கள், உண்மையா தெரியாது" என்றுதான் படிப்பவர் காதில் விழும். படத்தைப் பார்த்தாயிற்று, உடைந்தது உடைந்ததுதான். "இரண்டு கோப்பைகள் உடைந்திருக்கின்றன" என்று எண்ணிக்கையோடு எழுதுங்கள். நீங்கள் படத்தை உற்றுப் பார்த்தீர்கள் என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து "ஏற்பட்டிருந்தால்". பரிசு கெட்டுப்போனவரிடம் "ஒருவேளை சிரமம் இருந்தால்" என்று கேட்பது போல இருக்கிறது. அந்த "ஆல்" போக வேண்டும். "கட்டப்பட்டே", "அனுப்பி வைக்கப்படும்" என்று எல்லாம் தானாக நடக்கிறது, செய்கிற ஆளையே காணோம். நான் அனுப்புகிறேன், நான் கட்டினேன் என்று வரட்டும். ஒரே ஆள் நடத்தும் கடைக்கு "நாங்கள்" எதற்கு? தங்கள், உங்கள் இரண்டும் கலந்து வருகின்றன. "உங்கள்" என்றே கடைசிவரை எழுதுங்கள், அதில் மரியாதை குறையாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, அவர் சொன்ன ஒரே விஷயமான ஞாயிற்றுக்கிழமை கடிதத்தில் எங்குமே இல்லை. "விரைவில்" என்ற சொல்லை வைத்து அவர் எதையும் முடிவுசெய்ய முடியாது. அதற்குள் போய்ச் சேருமா, சேராதா?

ஒன்று கேட்கிறேன், கோப்பைகளை உண்மையில் எப்படிக் கட்டினீர்கள்?

பதில் 3:
உடையும் சாமான் என்று பெட்டி மேல் பெரிய எழுத்தில் ஸ்டிக்கர் ஒட்டினீர்களா? அதை ஒட்டினால் கூரியர்காரர்கள் பத்திரமாகக் கையாள்வார்கள்.

பதில் 4:
ஸ்டிக்கரை நம்பாதீர்கள். பெட்டி கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் யாரும் அதைப் படித்துக்கொண்டிருப்பதில்லை. என் கதையைச் சொல்கிறேன். எனக்குப் புத்தகங்கள் நனைந்து வந்தன. கடைக்காரர் மன்னிப்போடு தள்ளுபடிக் கூப்பன் அனுப்பினார். நனைந்த புத்தகத்துக்கு வழி சொல்லாமல் இன்னொன்று வாங்கச் சொன்னது போல இருந்தது. அந்தக் கடைப்பக்கம் அப்புறம் போகவில்லை. உங்கள் கடிதத்தில் அந்த 10 சதவீத வரியைத் தூக்கிவிடுங்கள்.

கேட்டவர்:
பதில் 2-இல் கேட்டவருக்கு: ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரே சுற்றுக் காகிதம்தான் சுற்றினேன். ஒன்றோடொன்று ஒட்டினாற்போல அடுக்கினேன், பெட்டி கொஞ்சம் பெரியது, மேலே இடம் இருந்தது. "உரிய முறையில் கட்டப்பட்டே" என்று எழுதியபோதே கை தயங்கியது உண்மை.

பதில் 2:
அப்படியானால் அந்த வரி பொய், எடுத்தே ஆக வேண்டும். கைப்பிடி விண்டதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். பெட்டி ஆடும்போது பக்கத்துக் கோப்பை வந்து முதலில் இடிப்பது கைப்பிடியில்தான். மறுபடி அனுப்பும்போது கைப்பிடி வளைவுக்குள் காகிதம் திணித்து, கோப்பைகளுக்கு நடுவே அட்டைத் தடுப்பு வையுங்கள். பெட்டிச் சுவருக்கும் கோப்பைக்கும் நடுவே எல்லாப் பக்கமும் 5 செ.மீ. அளவுக்கு மெத்தென்று நிரப்புங்கள். மூடிய பிறகு ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது நகர்கிற சத்தம் கேட்டால் பிரித்து மறுபடி கட்டுங்கள்.

பதில் 5:
கொஞ்சம் பொறுங்கள். "கட்டியது என் தப்பு" என்று எழுத்தில் கொடுத்துவிட்டால் கூரியரிடம் இழப்பீடு வாங்குவது கஷ்டமாகலாம். கட்டு சரியில்லை என்று காட்டித்தான் அவர்கள் பெரும்பாலும் மறுப்பார்கள். வருத்தம் மட்டும் சொல்லுங்கள், காரணம் சொல்ல வேண்டாம்.

பதில் 2:
அது நியாயமான கவலைதான். ஆனால் ஒரே சுற்றுக் காகிதம்தான் என்பது பெட்டியைப் பிரித்தவருக்கே தெரிந்திருக்கும், கடிதத்தில் மறைத்து என்ன கிடைக்கப் போகிறது? அவரவர் கூரியர் விதியைப் பார்த்துக்கொள்ளட்டும். பெட்டியையும் உள்ளே இருந்த காகிதத்தையும் எறிய வேண்டாம் என்று மட்டும் வாடிக்கையாளரிடம் சொல்லிவிடுங்கள். கோரிக்கை வைத்தால் அவற்றைப் பார்க்கக் கேட்பார்கள். உடைந்த பீங்கானைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். கையைக் கிழிக்கிற சில்லுகளை அவர் பொறுக்கிக் கட்டி, கூரியருக்கு அலைய வேண்டுமா?

பதில் 6:
நான் பீங்கான் சுடுபவன். மூன்று மட்டும் அனுப்பப் போகிறீர்களா? வேறு சூளையில் வெந்ததாக இருந்தால் மெருகின் நிறம் லேசாக மாறும். பரிசுச் செட்டில் மூன்று ஒரு நிறம், மூன்று ஒரு நிறம் என்றால் உடனே கண்ணில் படும். ஒரே சூளையில் வெந்த ஆறையும் சேர்த்து அனுப்புங்கள்.

கேட்டவர்:
அது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி ஐயா. கூரியரில் கேட்டேன், நாளை கொடுத்தால் திங்கள்கிழமைதான் சேருமாம். இப்படித் திருத்தியிருக்கிறேன்:

"வணக்கம். உங்கள் படத்தைப் பார்த்தேன். ஆறு கோப்பைகளில் இரண்டு உடைந்திருக்கின்றன, ஒன்றின் கைப்பிடி விண்டிருக்கிறது. பரிசாகக் கொடுக்க வாங்கியது இப்படி வந்து சேர்ந்ததற்கு என்னை மன்னித்துவிடுங்கள். கோப்பைகளுக்கு நடுவே தடுப்பு வைக்காமல் கட்டியது என் தவறு.

ஒரே நிறத்தில் புதிதாக ஆறு கோப்பைகளை நாளை காலை அனுப்பலாம். ஆனால் அவை திங்கள்கிழமைதான் உங்களுக்குக் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமைக்குள் சேர்க்க என்னால் முடியவில்லை. அதனால் கோப்பைகள் வேண்டாம், பணம் போதும் என்றால் சொல்லுங்கள், முழுப் பணத்தையும் இன்றே திருப்பிவிடுகிறேன். எது வசதி என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உடைந்தவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டாம். சில்லுகள் கூர்மையாக இருக்கும், எடுக்கும்போது கை பத்திரம். அட்டைப்பெட்டியையும் காகிதத்தையும் மட்டும் ஒரு வாரம் வைத்திருக்க முடியுமா? கூரியரில் கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்."

பதில் 2:
இதில் ஆள் தெரிகிறார். ஒன்றே ஒன்று சொல்கிறேன்: "முடியவில்லை" என்பதற்குப் பக்கத்தில் வேறு சமாதானம் எதையும் சேர்க்காதீர்கள், இருக்கிறபடியே விடுங்கள்.

பதில் 5:
நன்றாக இருக்கிறது. இருந்தாலும் "என் தவறு" என்பதை நான் எழுதியிருக்க மாட்டேன்.

கேட்டவர்:
அனுப்பிவிட்டேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்கிறாராம், கோப்பைகள் தனக்கே வேண்டுமாம், அனுப்பச் சொன்னார். அட்டைத் தடுப்பு வெட்டிக்கொண்டிருக்கிறேன். கூரியரிடம் கோரிக்கை வைப்பதா வேண்டாமா என்பதை இன்னும் முடிவுசெய்யவில்லை. இதே மாதிரி ஒப்புக்கொண்ட பிறகும் இழப்பீடு வாங்கியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.